கறுத்த உதட்டில் லிப்ஸ்டிக் ஏன் சாம்பல் பூக்கிறது? நிறம் தேர்வதிலிருந்து பூசுவது வரை

காரைக்குடியில் கல்யாணப் பெண்களுக்கு ஒப்பனை செய்யத் தொடங்கிய புதிதில், ஒரு வீட்டு அப்பத்தா என் வேலையை ஒரே கேள்வியில் தீர்த்துக்கட்டினார். பெண் நல்ல கறுப்பு, களையான முகம். அவள் ஆசைப்பட்டு வாங்கி வைத்திருந்த இளஞ்சிவப்பு லிப்ஸ்டிக்கைப் பூசி, அறையிலிருந்து வானம் பார்த்த உள்முற்றமான வளவுக்கு அழைத்து வந்தேன். வானவெளிச்சம் முகத்தில் விழுந்ததும் அப்பத்தா நிமிர்ந்து பார்த்தார். "ஏன் ஆத்தா, திருநீற்றை வாயிலும் பூசிக்கொண்டாயா?"

அப்போது முகம் சுருங்கிப்போனது. பிறகு யோசித்தபோது, கிழவி சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார் என்று புரிந்தது. திருநீற்றைத் தண்ணீரில் குழைத்துப் பூசும்போது அது கண்ணில் படுவதே இல்லை. காய்ந்ததும்தான் பட்டை வெளுத்துத் தெரியும். அதிலும் சிவந்த நெற்றியைவிடக் கறுத்த நெற்றியில் எடுப்பாகத் தெரியும். லிப்ஸ்டிக்கில் நடப்பதும் இதேதான். அதற்குள் ஒரு வெள்ளைப் பொடி இருக்கிறது. கறுத்த உதட்டின்மேல் அது மெல்லிய படலமாகப் படியும்போது நிறம் வெளுப்பதோடு நிற்பதில்லை, நீலம் கலந்த சாம்பலாக மாறுகிறது. நுண்ணிய வெள்ளைத் துகள்கள் வெளிச்சத்தில் உள்ள நீலத்தைச் சற்று அதிகமாகச் சிதறடிக்கின்றன. சிவப்பு ஊடுருவி உள்ளே போய், கீழே இருக்கும் கருமையில் அடங்கிவிடுகிறது. திரும்பி வருவது சாம்பல். வெளுத்த உதட்டில் அடித்தளமே வெளுப்பு என்பதால் இந்தக் குறை தெரிவதில்லை. விளம்பரத்தில் அழகாக இருந்த நிறம் நம் உதட்டில் மட்டும் மாவு அப்பியது போல நிற்பதற்கு இதுவே காரணம்.

ஆகவே எந்த நிறம் பொருந்தும் என்ற கேள்விக்கு முன்னால், இதில் எவ்வளவு வெள்ளை இருக்கிறது என்ற கேள்வியைக் கேட்க வேண்டும்.

வெள்ளை எங்கிருந்து வருகிறது

ஆத்தங்குடியில் தரைக்கல் வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கண்ணாடிப் பலகையின்மேல் அச்சை வைத்து, அதன் கட்டங்களில் நிறம் கலந்த சிமென்டுக் குழம்பை ஊற்றுகிறார்கள். வெள்ளை சிமென்டில் சிவப்பு ஆக்சைடை நிறையப் போட்டால் செங்காவி, குறைத்துப் போட்டால் இளஞ்சிவப்பு. லிப்ஸ்டிக்கின் கணக்கும் ஏறக்குறைய அதுதான். அதிலும் இரும்பு ஆக்சைடு உண்டு, ஒப்பனைக்கென்று சுத்திகரிக்கப்பட்டது. வெள்ளை சிமென்டின் இடத்தில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி. வெளிர் ரோஜா, பீச், பிஸ்கட் நிறம் என்று விற்பவை எல்லாம் பெரும்பாலும் கொஞ்சம் சிவப்பும் பழுப்பும் சேர்த்த வெள்ளைதான்.

இரண்டாவது வகை வெள்ளை ஒன்று உண்டு. மேட் லிப்ஸ்டிக்கில் பளபளப்பை அடக்க டால்க், சிலிக்கா, களிமண் வகைப் பொடிகளைச் சேர்க்கிறார்கள். உதட்டில் உரிந்து நிற்கும் தோலும் இதே வேலையைச் செய்யும். இவை எண்ணெயில் நனைந்தால் ஏறக்குறைய கண்ணாடி போலத் தெளிந்துவிடும், காய்ந்தால் வெளுக்கும். டைட்டானியம் அப்படி இல்லை. எண்ணெயில் ஊறினாலும் அது வெள்ளைதான். இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே சொல்லும் சோதனை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

முதல் படி: உதட்டை வானவெளிச்சத்தில் பாருங்கள்

வளவு உள்ள வீடென்றால் வெயில் நேரே விழாத ஓரமாக, தூணருகே நின்றுகொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஜன்னலுக்கு எதிரே. குழல்விளக்கின் அடியில் வேண்டாம். கையில் கண்ணாடி, உதட்டில் எதுவும் பூசியிருக்கக் கூடாது.

நம்மில் பலருக்கு உதடு ஒரே நிறத்தில் இருப்பதில்லை. மேலுதடு ஆழ்ந்த பழுப்பு, சிலருக்கு நாவற்பழச் சாயல். கீழுதட்டின் ஓரம் அதே கருமை, நடுவில் மட்டும் இளஞ்சிவப்பு. இந்த மூன்று இடங்களில் எது மிகக் கறுப்பு என்று பார்த்து வையுங்கள். பெரும்பாலும் அது மேலுதட்டின் விளிம்பாக இருக்கும். உங்கள் லிப்ஸ்டிக் தேர்ச்சி பெற வேண்டியது அந்த இடத்தில்தான். கீழுதட்டின் நடுவில் எல்லா நிறமும் அழகாகவே இருக்கும், அதை நம்பாதீர்கள்.

மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்த்துத் தோலின் உட்சாயலைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். நல்ல கறுத்த தோலில் நரம்பே தெரிவதில்லை. அந்தச் சோதனையை விட்டுவிடுங்கள். செங்கல் சிவப்பில் ஒன்று, நாவற்பழ நிறத்தில் ஒன்று, இரண்டையும் ஆளுக்குப் பாதி உதட்டில் பூசிப் பார்த்தால் எந்தப் பக்கம் முகம் தெளிகிறது என்று கண்ணே சொல்லிவிடும்.

இரண்டாம் படி: பெட்டியில் 77891

லிப்ஸ்டிக் பெட்டியின் பின்புறம், பொருள்களின் பட்டியல் முடியும் இடத்தில் ஐந்து இலக்க எண்கள் வரிசையாக இருக்கும். அவை நிறமிகளின் எண்கள். 77891 என்பது டைட்டானியம் டை ஆக்சைடு. 77491 சிவப்பு இரும்பு ஆக்சைடு, 77492 மஞ்சள், 77499 கறுப்பு. இந்த நான்கு போதும்.

77891 பட்டியலில் இல்லையென்றால் முதல் வகை வெள்ளையைப் பற்றிய கவலை விட்டது. இருந்தால் உடனே ஒதுக்கவும் கூடாது. நிறமிகளை அளவு வரிசையில் அச்சிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே பெயரில் வரும் இருபது நிறங்களுக்கும் சேர்த்து ஒரே பட்டியலைப் போடுவதும் வழக்கம். ஆழ்ந்த மெரூன் நிறத்திலும் துளி வெள்ளை இருக்கலாம், அதனால் கெடுதல் இல்லை. பெட்டி சந்தேகத்தை மட்டும் சொல்லும், தீர்ப்பை விரல்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாம் படி: விரல் முட்டியில் சோதனை

கடைக்காரர் சோதனை லிப்ஸ்டிக்கை எடுத்ததும் நாம் உள்மணிக்கட்டை நீட்டுகிறோம். அது உடம்பிலேயே வெளுத்த இடங்களில் ஒன்று. அங்கே எல்லா நிறமும் நன்றாகத்தான் இருக்கும். புறங்கையைத் திருப்பி விரலை மடக்குங்கள். முட்டியின்மேல் இருக்கும் கறுத்த, சுருக்கம் உள்ள தோல் மேலுதட்டின் விளிம்புக்கு நெருங்கிய நிறம், சுருக்கங்களும் உதட்டு வரிகளைப் போலவே இருக்கும். சோதனைக் குச்சியை உதட்டில் வைக்கவே வேண்டாம், பலர் வைத்ததாக இருக்கும்.

டிஷ்யூவில் ஒற்றி எடுத்த சிறு அளவை முட்டியில் வைத்து, மறுவிரலால் மெல்லியதாகத் தேய்த்துப் பரப்புங்கள். தடிமனாக இருக்கும்போது வெள்ளை ஒளிந்துகொள்ளும், மெலிந்தால்தான் வெளியே வரும். ஐந்து நிமிடம் பொறுங்கள். திரவ மேட் லிப்ஸ்டிக் என்றால் இந்தக் காத்திருப்பு மிக முக்கியம். ஈரத்தில் அரக்காக இருந்தது காய்ந்ததும் ஒரு படி வெளுத்துப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பிறகு கடைக்கு வெளியே வந்து பாருங்கள். பரப்பிய ஓரத்தில் சாம்பல் நிழலோ, சுருக்கங்களில் வெள்ளைக் கோடுகளோ தெரிகிறதா?

தெரிந்தால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் அல்லது கொஞ்சம் லிப் பாம். அந்த இடத்தின்மேல் மெதுவாகத் தொட்டு வையுங்கள். சாம்பல் மறைந்து நிறம் ஆழ்ந்தால் குற்றவாளி பொடியும் வறட்சியும்தான். நிறத்தில் பிழையில்லை, உதட்டைப் பதமாக வைத்துப் பூசினால் சரியாகும், அல்லது அதே நிறத்தைக் கிரீம் வகையில் வாங்கலாம். எண்ணெய் பட்டும் சாம்பல் அப்படியே நின்றால் அது டைட்டானியம். அந்த நிறத்தைத் திருப்பி வைத்துவிடுங்கள், எந்தப் பூச்சு வித்தையும் அதைத் தனியாகக் காப்பாற்றாது.

நான்காம் படி: சர்பத்தா, ரோஸ்மில்க்கா?

நிறங்களுக்கு ஆங்கிலப் பெயர்களைப் படித்துக் குழம்புவதைவிட இந்த ஒரு கேள்வி எனக்கு உதவியிருக்கிறது. நன்னாரி சர்பத்தைக் கறுத்த குவளையில் ஊற்றினால் ஆழ்ந்து தெரியுமே தவிர வெளுக்காது, ஏனென்றால் அது தெளிவான நிறம். ரோஸ்மில்க்கில் பால் இருக்கிறது. லிப்ஸ்டிக் எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் பரவாயில்லை, பால் கலந்தது போலத் தோன்றக் கூடாது.

மற்றபடி நமக்கு நிறம் சொல்லித்தர வெளியிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை, புடவைக் கடைப் பெயர்களே போதும். அரக்கு என்பது கறுத்த தோலுக்கென்றே பிறந்த நிறம். சிவப்பும் பழுப்பும் சரிபாதி, அதில் வெள்ளைக்கு வேலையே இல்லை. மாதுளை முத்து, மிளகாய்ப்பழம், குங்குமம் மூன்றும் தெளிவான சிவப்புகள், நிறமி செறிவாக இருந்தால் மிகக் கறுத்த உதட்டிலும் சுடர்விடும். நாவற்பழ நிறமும், கவுனி அரிசி வெந்து வரும்போது தெரியும் கருஞ்சிவப்பும் கறுத்த மேலுதட்டோடு தடையில்லாமல் கலந்துவிடும். இரண்டு நிற உதடு உள்ளவர்களுக்கு இவைதான் நான் முதலில் எடுப்பவை. வாடாமல்லி துணிச்சலானது. நல்ல கறுப்பில் அது காட்டும் எடுப்பு வேறெதிலும் வராது. ஆனால் வாங்கும்போது கவனம் வேண்டும், மலிவான வாடாமல்லிகளில் வெள்ளை அதிகம். முட்டிச் சோதனையில் அவை உடனே மாட்டிக்கொள்ளும்.

செங்கல், மருதாணி, கந்தாங்கிச் சேலையின் அந்தப் பழைய செங்காவி ஆகியவை மாநிறம் முதல் கறுப்பு வரை எல்லோருக்கும் ஒத்துப்போகும். தங்க நகை கனமாக இருக்கும் நாளில், முக்கியமாகக் கழுத்துரு அணியும் பெண்ணுக்கு, இந்த மஞ்சள் சாயல் கொண்ட சிவப்புகளையே நான் விரும்புவேன்.

உதட்டின் இயல்பான நிறம் போல இருக்க வேண்டும் என்று 'நியூட்' கேட்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கடையில் அந்தப் பெயரில் இருப்பது பெரும்பாலும் வேறு யாரோ ஒருவரின் இயல்பான நிறம். நமக்கு அது கருப்பட்டி, பழம்புளி, வறுத்த காப்பிக்கொட்டை. மேலுதட்டு விளிம்பின் நிறத்துக்குச் சமமாகவோ, அதைவிட ஒரு படி ஆழமாகவோ இருப்பதை எடுங்கள். சற்று வெளுப்பாக வேண்டுமென்றால் ஒரு படி போதும், அதுவும் செம்மை சேர்ந்ததாக இருக்கட்டும்.

வெங்காயத்தோல், கத்திரிப்பூ, சந்தனம் ஆகிய மூன்றும் சேலையில் கட்டுங்கள், உதட்டில் வேண்டாம். தடிமனாகப் பூசினால் சாம்பல் தெரியாதே என்று கேட்கலாம். உண்மைதான், உதட்டை முழுவதும் மறைக்கும் அளவுக்குப் பூசினால் முதல் அரைமணி நேரம் தெரியாது. பேசிச் சிரித்து உதட்டு வரிகளில் விரிசல் விடும்போது உள்ளிருக்கும் கருமை கோடுகோடாக எட்டிப் பார்க்கும். அது சாம்பலைவிட மோசம்.

ஐந்தாம் படி: உதட்டைப் பதப்படுத்துதல்

வெதுவெதுப்பான நீரில் நனைத்த மெல்லிய பருத்தித் துணியை ஒரு நிமிடம் உதட்டில் வைத்து, லேசாக ஒற்றித் துடைத்தால் உரியும் தோல் வந்துவிடும். சர்க்கரையும் எலுமிச்சையும் வைத்து அழுத்தித் தேய்க்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். எரிச்சல் அடைந்த கறுத்த தோல் மேலும் கறுக்கும். லிப் பாம் தடவிப் பத்து நிமிடம் விட்டு, மிச்சத்தை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். ஒற்றாமல் விட்டால் லிப்ஸ்டிக் வழுக்கித் திட்டுத்திட்டாக நிற்கும், அந்தத் திட்டும் சாம்பல் போலவே தெரியும்.

முகத்துக்குப் போடும் பவுண்டேஷனையோ கன்சீலரையோ உதட்டில் பூசி நிறத்தை அழிக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அவற்றில் டைட்டானியம் தாராளமாக இருக்கும். கறுப்பின்மேல் வெள்ளையை நாமே விரித்து, அதன்மேல் லிப்ஸ்டிக்கைப் பூசிவிட்டு, பிறகு லிப்ஸ்டிக்கைக் குறை சொல்வது நியாயமா?

ஆறாம் படி: பூசும் முறை

மேலுதட்டு விளிம்பின் நிறத்திலேயே, செம்மை கலந்த பழுப்பு லிப் லைனர் ஒன்று வேண்டும். விளிம்பில் கோடு போட்டதோடு நிறுத்தாமல், கீழுதட்டின் இளஞ்சிவப்பு நடுப்பகுதியையும் அதனால் மெல்ல நிரப்புங்கள். இரண்டு நிறமாக இருந்த உதடு இப்போது ஒரே அடித்தளமாகிவிடும். கருமையை வெளுப்பாக்க முயல்வதைவிட வெளுப்பை ஆழமாக்குவது எளிது.

லிப்ஸ்டிக்கைத் தூரிகையிலோ விரலிலோ எடுத்து நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி மெல்லிய ஒரு பூச்சு. டிஷ்யூவால் ஒற்றுங்கள். மறுபடி மெல்லிய ஒரு பூச்சு. அவ்வளவுதான். நிலைக்க வேண்டும் என்று மேலே வெள்ளைப் பவுடரைத் தட்ட வேண்டாம். வீட்டுக் கண்ணாடியில் தெரியாத அந்தப் பவுடர் ஃபிளாஷ் வெளிச்சத்தில் படத்தில் வெளுத்துத் தெரியும், ஆல்பம் வந்த பிறகு அழித்தெழுத முடியாது.

வாங்கியாயிற்று, பூசியே ஆக வேண்டும் என்றால்

தேவகோட்டைப் பக்கம் ஒரு தை மாதக் கல்யாணம். பெண்ணுக்கு அரக்குப் பட்டு. அவளுடைய அக்காள் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த வெளிர் ரோஜா லிப்ஸ்டிக்கைத்தான் பூச வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. பெட்டியில் நிறமி எண்களில் முதலாவதே 77891. பெண்ணின் விரல் முட்டியில் தேய்த்தால் ஐந்து நிமிடத்தில் சாம்பல். எண்ணெய் வைத்தேன், அசையவில்லை.

எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்துக் கலந்து பார்த்தேன். தீக்குச்சித் தலை அளவு ரோஜா, அதே அளவு காப்பி நிறம். வந்தது ஈரச் சிமென்டு நிறம். காப்பி லிப்ஸ்டிக்கின் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் 77499, கறுப்பு ஆக்சைடு. வெள்ளையும் கறுப்பும் சேர்ந்தால் சாம்பல்தானே வரும்! வெளிர் நிறத்தை ஆழமாக்க எல்லோரும் முதலில் செய்யும் தவறு இது, பழுப்பைக் கொண்டுபோய்க் கலப்பது.

அடுத்து ரோஜா ஒரு பங்கு, செங்கல் சிவப்பு இரண்டு பங்கு. இப்போது சுட்ட மண்ணில் ரோஜாவைக் கரைத்தது போல ஒரு நிறம், முட்டியில் தேய்த்தும் தெளிவாக நின்றது. அடியில் லைனரால் உதடு முழுவதும் நிரப்பி, மேலே இந்தக் கலவையை இரண்டு மெல்லிய பூச்சாகப் பூசினேன். அக்காள் முகம் வாடக் கூடாதே என்று, கலக்காத ரோஜாவைக் கடுகளவு எடுத்துக் கீழுதட்டின் நடுவில் மட்டும் விரலால் தட்டி விட்டேன். அந்த இடத்தில் அடியில் சிவப்பு இருந்ததால் வெள்ளை சாம்பலாக மாறாமல் ஒரு மினுக்காக நின்றது. வளவுக்கு அழைத்து வந்து வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டே மேடைக்கு அனுப்பினேன்.

பந்தி முடிந்து பெண் திரும்பி வந்தபோது உதட்டின் நடுவில் நிறம் போயிருந்தது. வெள்ளைப் பணியாரத்தின் எண்ணெய் எந்த லிப்ஸ்டிக்கையும் விட்டுவைக்காது. இந்த நேரத்தில் மிச்சத்தின்மேல் அப்படியே இன்னொரு பூச்சுப் பூசுவதுதான் வழக்கம், அங்கேதான் காலையில் இல்லாத மாவுத்தன்மை மத்தியானம் வந்து சேரும். பழைய பொடி வரிகளில் திரண்டிருக்க, புதியது அதன்மேல் கட்டியாக உட்காரும். பஞ்சில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் வைத்து உதட்டைச் சுத்தமாகத் துடைத்து, டிஷ்யூவால் ஒற்றி, லைனரிலிருந்து மறுபடி தொடங்கினேன். மூன்று நிமிட வேலை. தட்டில் மிச்சமிருந்த கலவை சரியாகப் போதுமானதாக இருந்தது.